‘இறுதி இராவுணவு’ கட்டுரையைத் தமிழாக்கிய அனுபவம்

மிலான் நகரில், சாந்தா மரியா தெல்லே கிராட்சியே மடத்தின் உணவுக்கூடச் சுவரில் லியொனார்டோ தா வின்சி தீட்டிய, இயேசு தம் சீடர்களோடு உண்ட கடைசி உணவைக் காட்டும் ‘இறுதி இராவுணவு’ ஓவியம் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கினேன். சொற்பட்டியல் போடுவதற்கு முன்னால், அந்தச் சுவரில் என்ன நடந்தது என்பதைத்தான் முதலில் படித்தேன்.

இதைப் பலரும் ஃப்ரெஸ்கோ என்றே எழுதுகிறார்கள். ஃப்ரெஸ்கோ என்றால் சுண்ணாம்புச் சாந்து ஈரமாக இருக்கும்போதே தீட்டுவது. சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து இறுகும்போது நிறமும் அதோடு சேர்ந்து கெட்டியாகிவிடும். ஆனால் காய்வதற்குள் அன்றைய பகுதியை முடித்தாக வேண்டும். நிதானமாகத் தீட்டி, பிறகு வந்து திருத்தும் லியொனார்டோவுக்கு அது ஒத்துவரவில்லை. அதனால் காய்ந்த சுவரில் வெள்ளை அடிப்பூச்சு பூசி, அதன்மேல் முட்டையும் எண்ணெயும் கலந்த வண்ணத்தால் வரைந்தார். வேலை 1498 வாக்கில் முடிந்தது. சில பத்தாண்டுகளிலேயே வண்ணம் செதில் செதிலாக உதிரத் தொடங்கிவிட்டது. ஆகவே கட்டுரை முழுக்கச் ‘சுவரோவியம்’ என்றே எழுதினேன். ஒப்பிட வேண்டிய இடத்தில் மட்டும் ஃப்ரெஸ்கோவுக்கு ‘ஈரச்சுதை ஓவியம்’. இந்த வேறுபாடு கலைந்தால், ஓவியம் ஏன் சிதைந்தது என்ற பகுதியே வாசகருக்குப் புரியாது.

அமைப்பைப் பற்றிய பத்தியில் வலது இடது சிக்கல் வந்தது. அறையின் கோடுகள் எல்லாம் சேரும் மறைபுள்ளி, இயேசுவின் வலது நெற்றிப்பொட்டில் இருக்கிறது. அங்கே ஆணி அடித்த துளையே இருக்கிறது. அவருக்கு வலது, பார்க்கிற நமக்கு இடது. அவரைக் காட்டிக்கொடுத்த சீடன் யூதாசும் அந்தப் பக்கம்தான். அதனால் ஒவ்வொரு முறையும் ‘இயேசுவின் வலப்பக்கம்’, ‘நமக்கு இடப்பக்கம்’ என்று யார் பக்கம் என்பதைச் சேர்த்தே எழுதினேன். கொஞ்சம் நீளும்தான், பரவாயில்லை.

கடினமான பகுதி 1978 முதல் 1999 வரை பழைய ஓவியங்களைச் சீர்செய்யும் வல்லுநர் பினின் பிராம்பில்லா பார்சிலோன் இந்தச் சுவரோவியத்தில் செய்த பணி. ‘புதுப்பித்தல்’ என்ற சொல்தான் சட்டென்று கைக்கு வரும். ஆனால் அவர் செய்தது ஏறக்குறைய அதற்கு நேர்மாறு: முந்தைய நூற்றாண்டுகளில் மற்றவர்கள் ‘புதுப்பித்து’ அப்பிய வண்ணங்களை நீக்கியது. அவற்றை ‘மேற்பூச்சு’ என்றும், அவருடைய பணியை ‘மீட்புப்பணி’ என்றும் பிரித்துக்கொண்டேன். அசல் வண்ணம் அடியோடு போன இடங்களில் அவர் மங்கலான நீர்வண்ணம் மட்டும் இட்டார். ‘வெற்றிடங்களை நிரப்பினார்’ என்றால் லியொனார்டோவைப் போலவே வரைந்து மூடியதாகப் படும். “உதிர்ந்த இடங்கள் கண்ணை உறுத்தாமலும், அதே சமயம் அசலோடு குழம்பிவிடாமலும் இருக்க, அங்கே மெல்லிய நீர்வண்ணச் சாயல் கொடுத்தார்” என்று எழுதினேன். மூலத்தில் அரை வரி. தமிழில் ஒரு முழு வாக்கியம். பதிப்பாசிரியர் சுருக்கச் சொன்னபோது, இந்த வாக்கியத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.