ஜாமீன் கையெழுத்து போட மறுத்த பிறகு

என் சித்தப்பா என்னுடன் பேசி மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அவருடைய மகன் எடுத்த பத்து லட்ச ரூபாய்ச் சீட்டுக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போட மறுத்ததுதான் காரணம். மறுத்தது ஒரு நிமிட வேலை. அதற்குப் பிறகு வந்ததைத் தாங்கப் பழகத்தான் ஓராண்டுக்கு மேல் ஆனது.

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. சீட்டை ஏலத்தில் எடுப்பவர் மீதித் தவணைகளுக்கு ஜாமீன் காட்ட வேண்டும். அதற்கு முதலில் தேடப்படுவது மாதச் சம்பளம் வாங்கும் அரசு ஊழியர்தான். 2019-இல் உடன் வேலை பார்த்த ஆசிரியை ஒருவர் கேட்டார். இடைவேளை மணி அடிப்பதற்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மாதம் இருபதாயிரம், இருபத்தைந்து மாதம். பதினான்கு தவணை கட்டினார். 2020 மார்ச்சில் அவர் கணவரின் வாடகை வண்டித் தொழில் படுத்துவிட்டது, தவணையும் நின்றது. பாக்கி 2,20,000 ரூபாய். இன்னொரு ஜாமீன்தாரர் அதற்குள் ஓய்வுபெற்றிருந்தார். அரசு ஓய்வூதியத்தை ஜப்தி செய்ய முடியாது. சம்பளத்தில் ஒரு பகுதியைச் செய்யலாம். ஆகவே நோட்டீஸ் என்னைத் தேடி வந்தது. வேறாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு என்று 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் சொல்வதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஒன்பது பவுன் நகையை அடகு வைத்துக் கட்டினேன்.

பணம் போனதைவிட என்னைக் கலங்கடித்தது வேறொன்று. கையெழுத்துப் போட்ட அந்த நேரத்திலேயே எனக்கு விருப்பமில்லை என்பது நன்றாக நினைவிருந்தது. தூக்கம் கெட்டு ஓர் உளவியல் ஆலோசகரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "யாராவது ஏதாவது கேட்டால் எத்தனை நொடியில் சரி என்கிறீர்கள்?" என்பது. யோசித்துப் பார்த்தேன். கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிடுவேன். எதிரில் இருப்பவரின் முகம் வாடுவதைப் பார்க்காமல் தப்பிக்கத்தான் அந்த வேகம். எதற்கும் மறுநாள்தான் பதில் சொல்வது என்ற ஒரே பழக்கத்தோடு தொடங்கினோம்.

2022-இல் சித்தப்பா மகனின் சீட்டு வந்தது. அப்பா போன பிறகு என் கல்யாணத்தை முன்னின்று நடத்தியவர் சித்தப்பா. அவரிடம் 'முடியாது' என்ற சொல் வாயில் வரவில்லை. மறுநாள் போன் செய்து, "அவருக்கு இஷ்டமில்லை சித்தப்பா" என்று என் கணவர் மேல் பழியைப் போட்டேன். "மாப்பிள்ளையிடம் நான் பேசிக்கொள்கிறேன்" என்றார். சம்பளச் சான்று கிடைக்கத் தாமதமாகும் என்றேன். அலுவலகத்தில் தெரிந்தவர் இருக்கிறார் என்றார். சாக்கு என்றால் அதற்கு ஒரு பரிகாரம் இருந்துவிடுகிறது. நான்காவது நாள்தான் உள்ளதைச் சொன்னேன். "சித்தப்பா, இனி யாருக்கும் ஜாமீன் போடுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். தம்பிக்கும் போட முடியாது." அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். நான் புதிதாக எதையும் சேர்க்காமல் அதையே மூன்று முறை சொன்னேன். "உன் கல்யாணப் பந்தலில் நின்றவன் நான்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

ஒரு வாரத்துக்குள் கதை வேறு உருவம் எடுத்துவிட்டது. நான் தம்பியைத் திருடன் என்றேனாம். புருஷன் வீட்டார் சொல்லிக்கொடுத்தார்களாம். வெறுப்பையாவது ஒருவிதமாகச் செரித்துக்கொள்ளலாம். சொல்லாததைச் சொன்னதாக நம்புகிறார்களே என்பதைத் தாங்க முடியவில்லை. ஒரே மாலையில் நான்கு உறவினர்களுக்குப் போன் செய்து நடந்ததை விளக்கினேன். நான்கு விளக்கங்களும் நான்கு விதமாகச் சித்தப்பாவிடம் போய்ச் சேர்ந்தன. "ஊரெல்லாம் என்னைப் பற்றிப் பேசுகிறாள்" என்று அவர் சொன்னாராம். அதில் உண்மையும் இருந்தது.

விளக்கம் சொல்லத் துடிக்கும்போது போனைத் தொடாமல் நாற்பது நிமிடம் இருந்து பாருங்கள் என்றார் ஆலோசகர். துடிப்புக்குப் பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பெண் போட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நோட்டில் எழுத வேண்டும். முதல் நாள் ஒன்பதில் தொடங்கி நாற்பது நிமிடம் கழித்தும் எட்டில் நின்றது. அடிவயிறு கனத்தது, கை சில்லிட்டது. மூன்றாவது வாரத்தில் ஒருநாள் ஒன்பது ஐந்தாக இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன். நான் யாருக்கும் எதையும் விளக்கவில்லை, யாரும் என்னைச் சமாதானப்படுத்தவும் இல்லை, ஆனாலும் இறங்கியது. இதுவரை விளக்கம்தான் என்னை ஆற்றுகிறது என்று நம்பியிருந்தேன். காத்திருந்தாலே தணியும் என்பதை எந்த அறிவுரையும் எனக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை.

அதே நோட்டின் மறுபாதியில், நடக்கும் என்று அஞ்சியதையும் பிறகு நடந்ததையும் எழுதினேன். 'அத்தை மகள் வளைகாப்புக்கு அழைக்கமாட்டார்கள்' என்று எழுதியிருந்தேன், அழைத்தார்கள். 'சித்தப்பா பேரன் காதுகுத்துக்கு அழைக்கமாட்டார்' என்பது அப்படியே நடந்தது. அன்று பகல் முழுக்க அழுதேன். மாலையில் விடைத்தாள் கட்டை எடுத்துத் திருத்தினேன். அஞ்சியது நடந்த நாளில்கூட மாலை என்று ஒன்று இருந்ததால், பொய்யாய்ப் போன பயங்களைவிட இந்த ஒரு பயம் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

நடுவில் ஒரு தவறும் செய்தேன். மறுக்கப் பழகிய வேகத்தில் எல்லோரிடமும் கடுகடுத்தேன். யார் என்ன சொன்னாலும் 'இது அவர்கள் பிரச்சினை' என்று ஒதுக்கினேன். ஒருநாள் கோயிலில் பார்த்த சித்தி, "கையெழுத்துப் போடாதது உன் இஷ்டம் அம்மா. ஆனால் அதைப் போனிலா சொல்வது? அவர் வளர்த்த பிள்ளை நீ" என்றார். சுருக்கென்றது. பணத்திமிர் பிடித்தவள் என்று சொல்பவரிடம் நான் திருத்திக்கொள்ள எதுவும் இல்லை. சித்தி சொன்னதோ நான் செய்த ஒரு செயலை. மறு ஞாயிறு நேரில் போனேன். "நேரில் வந்து சொல்லாதது என் தப்பு சித்தப்பா, மன்னித்துவிடுங்கள்" என்றேன். "அப்படியானால் கையெழுத்து?" என்றார். "அது முடியாது சித்தப்பா" என்றேன். அவர் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். சித்தி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

இதெல்லாம் எனக்கு முடிந்ததற்கு என் சம்பளமும் கணவரின் துணையும் இருந்தன. மறுத்தால் அடி விழும் வீட்டில், சோற்றுக்கு அவர்களையே நம்பியிருக்கும் நிலையில் உள்ள பெண்ணிடம் நாற்பது நிமிடம் பொறுத்திரு என்று நான் சொல்லமாட்டேன். அவளுக்கு முதலில் தேவை பாதுகாப்பான இடம்.

சென்ற தை மாதம் ஒரு கல்யாணத்தில் அதே பந்தியில், நான்கு இலை தள்ளிச் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். முன்பென்றால் அடுத்த பந்திக்கு எழுந்து போயிருப்பேன், அல்லது அருகில் போய் எதையாவது பேசி அவரைச் சிரிக்கவைக்கப் பார்த்திருப்பேன். "நல்லா இருக்கீங்களா சித்தப்பா" என்று மட்டும் கேட்டேன். அவர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார். என்னைப் பற்றித்தான் இருக்கும். அடிவயிறு கனத்தது. மனதுக்குள் ஆறு என்று போட்டுக்கொண்டேன். ரசம் வந்தபோது நான்கு, மோர் வந்தபோது மூன்று.