பத்தாம் வகுப்பு மதிப்பெண் பகுப்பாய்வுக் கோப்பு: விற்பனைக் குறிப்பு எழுதிய அனுபவம்

காலாண்டு, அரையாண்டு, திருப்புதல் என எந்தத் தேர்வு முடிந்தாலும் பத்தாம் வகுப்பு ஆசிரியரிடம் தலைமையாசிரியர் கேட்பது ஒன்றுதான்: பாடவாரித் தேர்ச்சி விழுக்காடும் மெல்லக் கற்போர் பட்டியலும் எப்போது வரும்? அந்தக் கணக்கைப் போட்டுத் தரும் எக்செல் கோப்பு ஒன்றை ஆசிரியர் குழுக்களில் 99 ரூபாய்க்கு விற்க எழுதிய குறிப்பு எப்படி உருவானது என்பதை இங்கே பகிர்கிறோம்.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: “ஆசிரியர்களின் பணிச்சுமையைக் குறைக்கும் அருமையான, எளிமையான, முழுமையான கோப்பு.” இந்த வரியை வருகைப் பதிவேட்டுக்கும் போடலாம், பாடக்குறிப்புக்கும் போடலாம். வாங்க வேண்டியவர் கணக்கைத் தானே போடத் தெரிந்த ஆசிரியர். அவர் பார்ப்பது கோப்பு எந்த இடத்தில் சறுக்கும் என்பதைத்தான். ஆகவே அந்த வரியை அப்படியே நீக்கிவிட்டு, இந்த வேலையில் வழக்கமாகத் தவறு நேரும் இடத்தைத் தேடினோம்.

தேர்வுக்கு வராத மாணவர்தான் அந்த இடம். வகுப்பில் 42 பேர். கணக்குத் தேர்வுக்கு ஒருவர் வரவில்லை, 33 பேர் தேர்ச்சி. வராதவருக்கு 0 என்று தட்டிவிட்டால் எக்செல் 42-ஆல் வகுத்து 78.57 என்று காட்டும். தேர்வு எழுதியவர் 41 பேர் என்பதால் வர வேண்டிய விழுக்காடு 80.49. பாட சராசரியும் இதே காரணத்தால் கீழே இறங்கிவிடும். எங்கள் கோப்பில் வராதவருக்கு AB என்று தட்டினால் போதும். `COUNT` எண்களை மட்டுமே எண்ணும் என்பதால் AB தானாக விலகிக்கொள்ளும்:

```
=COUNTIF(E5:E64,">=35")/COUNT(E5:E64)
```

உண்மையாகவே 0 வாங்கியவர் கணக்கில் இருப்பார். AB மட்டும் விலகும். குறிப்பின் தொடக்கமே இதுவாகிவிட்டது: “வராத மாணவருக்கு AB என்று தட்டுங்கள். எழுதியவர்களைக் கொண்டே தேர்ச்சி விழுக்காடு வரும்.” இந்த வேலையைச் செய்த ஆசிரியருக்கு இதைப் படித்ததுமே விஷயம் புரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் நீண்ட செய்தி பாதியில் மடங்கி Read more என்று நிற்பதால், முக்கியமான வரி மேலே இருந்தே ஆக வேண்டும். வணக்கமும் வாழ்த்தும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் கோப்பைப் பற்றிய செய்தி மடிப்புக்குள் போய்விடும்.

அடுத்த வரி தர வரிசைக்கு. ஒரு பாடத்தில் தவறியவர் மொத்தத்தில் முன்னே நிற்பதுண்டு. வெறும் `RANK` போட்டால் அவருக்கும் இடம் கொடுத்துவிடும். ஐந்து பாடத்திலும் 35-க்குக் குறையாதவருக்கு மட்டுமே எங்கள் கோப்பு இடம் தருகிறது. குறிப்பில் அதை ஒரே வாக்கியத்தில் சொல்லி நகர்ந்தோம்.

அறிவியலுக்கு அப்படி நகர முடியவில்லை. பொதுத்தேர்வில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25. பள்ளித் தேர்வுகளில் 75-க்கு எழுத வைத்து 100-க்கு மாற்றும் பள்ளியும் உண்டு, செய்முறை மதிப்பெண்ணைச் சேர்த்துப் போடும் பள்ளியும் உண்டு. இதைச் சொல்லாமல் விட்டால், வாங்கியவர் 75-க்கான மதிப்பெண்ணை அப்படியே தட்டி, 35-க்குக் கீழே இருப்பவர்களைத் தவறியவர்களாகப் பார்த்துவிட்டுக் கோப்பு பிழை என்பார். ஆகவே தெளிவாகவே எழுதினோம்: “அறிவியலை 100-க்கு மாற்றிய பிறகே உள்ளிட வேண்டும். எழுத்து, செய்முறை தனித்தனித் தேர்ச்சியை இந்தக் கோப்பு பார்க்காது.” கோப்பு செய்யாததைச் சொன்னால் விற்பனை குறையும் என்ற தயக்கம் எழுத உட்காரும் எல்லோருக்கும் வரும். ஆனால் 99 ரூபாய்ப் பொருளில் பணத்தைத் திருப்பிக் கேட்கும் ஒரு ஆசிரியர், குழுவில் எழுதும் நான்கு வரி, மீதி விற்பனையையும் நிறுத்திவிடும்.

அதே காரணத்துக்காக எழுத்துருவையும் சேர்த்தோம். பல பள்ளிகளில் பெயர்ப் பட்டியல் இன்னும் பாமினியிலோ வானவில்லிலோ இருக்கிறது. அதை ஒருங்குறிக் கோப்பில் ஒட்டினால் பெயர் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகத் தெரியும். “பெயர்கள் ஒருங்குறியில் இருக்க வேண்டும், பழைய எழுத்துருப் பட்டியலை மாற்றிய பின் ஒட்டவும்” என்ற வரி இல்லாவிட்டால் அந்தக் கேள்வி கட்டாயம் வரும்.

படத்துக்கு நிறைய யோசிக்க வேண்டியிருந்தது. முழுத் தாளைப் படமெடுத்தால் கைபேசியில் ஒரு எண்கூடப் படிக்க முடியாது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்குவதால் இன்னும் மங்கும். பாடம், எழுதியோர், தேர்ச்சி, விழுக்காடு என்ற நான்கு நிரல் மட்டும் தெரியும்படி வெட்டிக்கொண்டோம். மாதிரியில் ஒரு AB, ஒரு 34, ஒரு 35 கட்டாயம் இருக்கட்டும். ஆசிரியரின் கண் நேராக அங்கேதான் போகும். எல்லோரும் 90 வாங்கிய மாதிரித் தாள் எதையும் நிரூபிக்காது. பெயர்கள் கற்பனைப் பெயர்களாகவே இருக்க வேண்டும். உண்மையான மாணவரின் பெயரோ எமிஸ் எண்ணோ ஓரத்தில் தெரிந்தாலும் அந்தப் படத்தை வெளியிடக் கூடாது.

இறுதியாக நின்ற குறிப்பு இது:

*பத்தாம் வகுப்பு மதிப்பெண் பகுப்பாய்வு – எக்செல் கோப்பு*
வராத மாணவருக்கு AB என்று தட்டுங்கள். எழுதியவர்களைக் கொண்டே பாடவாரித் தேர்ச்சி விழுக்காடு வரும்.
ஐந்து பாடத்திலும் தேர்ச்சி பெற்றவருக்கு மட்டும் தர வரிசை. 35-க்குக் கீழே எடுத்தவர் பட்டியல் பாடவாரியாகத் தனித் தாளில்.
ஒரு பிரிவுக்கு 60 மாணவர் வரை. மஞ்சள் கட்டங்களில் மட்டும் தட்டினால் போதும். ஏ4 தாளில் அச்சிடலாம்.
அறிவியலை 100-க்கு மாற்றிய பின் உள்ளிடவும். எழுத்து, செய்முறை தனித்தனித் தேர்ச்சியை இந்தக் கோப்பு பார்க்காது. பெயர்கள் ஒருங்குறியில் இருக்க வேண்டும்.
மேக்ரோ இல்லை, கைபேசியில் கூகுள் ஷீட்ஸிலும் திறக்கும்.
விலை ரூ.99. ஐந்து மாணவருக்கான மாதிரிக் கோப்பு இலவசம், பார்த்துவிட்டு வாங்கலாம்.

மேக்ரோ பற்றிய வரிக்குக் காரணம் உண்டு. இணையத்திலிருந்து இறக்கிய கோப்பில் மேக்ரோவை எக்செல் தடுத்துவிடும். கைபேசியில் அது ஓடவே ஓடாது. கோப்பை மேக்ரோ இல்லாமல் அமைத்துவிட்டு அதைச் சொன்னால், பள்ளிக் கணினியில் திறக்குமா என்ற சந்தேகம் அங்கேயே தீரும். முதலில் திறக்கும்போது வரும் Protected View பட்டையில் Enable Editing அழுத்த வேண்டும் என்பதை விளம்பரத்தில் போடவில்லை. பணம் செலுத்தியவருக்குக் கோப்போடு போகும் செய்தியில் அதுதான் முதல் வரி.

“அரசு அங்கீகாரம் பெற்றது”, “கல்வித்துறை வடிவம்” போன்ற சொற்களையும் அரசுச் சின்னத்தையும் தொடவே கூடாது. ஆசிரியர் ஒருவர் தயாரித்த கோப்பு என்பதே உண்மை. விற்பவர் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்தால் குறிப்பு எழுதும் முன் இன்னொரு வேலை இருக்கிறது: தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973 தனியார் வணிகத்துக்குக் கட்டுப்பாடு விதிப்பதால், உரிய அனுமதி வாங்காமல் விலை போட்டு விற்க இறங்கக் கூடாது.

குறிப்பை அனுப்பும் நாளாக, விடைத்தாள் திருத்தம் பாதி நடந்துகொண்டிருக்கும் நாளைத் தேர்ந்தெடுத்தோம். தேர்வு தொடங்கும் முன் அனுப்பினால் யாருக்கும் அவசரம் இருக்காது. மதிப்பெண் பட்டியலைக் கொடுத்த பிறகு அனுப்பினால் அடுத்த தேர்வு வரை தேவை இருக்காது. அரையாண்டுக்கு அதே குறிப்பைத் தேர்வின் பெயரை மட்டும் மேலே சேர்த்து அனுப்பலாம்; காலாண்டுக்கு வாங்கியவருக்கு அதே கோப்பு செல்லும், திரும்ப வாங்க வேண்டாம் என்ற ஒரு வரியும் அதில் சேர வேண்டும்.