காய்ச்சலா, வயிற்றுப்போக்கா? உள்ளே வரும் முன் சொல்லுங்கள்

நான் சுகாதாரப் பொறுப்பு பார்க்கும் சமையலறையில் ஒரு பழைய நோட்டீஸ் இருந்தது. "உடல்நலம் சரியில்லாதவர்கள் பணிக்கு வரக் கூடாது" என்று ஒரே வரி. அதைப் படித்துவிட்டு யாரும் எங்களிடம் வந்து எதுவும் சொன்னதில்லை. வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

புது நோட்டீஸ் எழுதும் வேலை என்னிடம் வந்தது. எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்பதை முதலில் தெளிவாக எழுதினேன்: வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல், கண் மஞ்சளாவது, கையில் சீழ் பிடித்த புண். இவற்றில் ஏதாவது இருந்தால் கிளம்பும் முன்பே சூப்பர்வைசருக்குப் போன் செய்ய வேண்டும். சமையலறைக்குள் வந்து சொல்வது தாமதம். அதற்குள் கதவுப் பிடி, குழாய், ஃப்ரிட்ஜ் என்று எல்லாவற்றையும் தொட்டாகிவிடும்.

"வயித்துப்போக்கு சரி, காய்ச்சலுக்கும் சாப்பாட்டுக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று ஒரு மாஸ்டர் கேட்டார். நல்ல கேள்வி. டைபாய்டு பல பேருக்குக் காய்ச்சலாகத்தான் தொடங்கும், வயிற்றுப்போக்கே இல்லாமலும் போகலாம். மஞ்சள் காமாலை வகைகளில் ஒன்றான ஹெபடைடிஸ் ஏ-யும் முதலில் காய்ச்சல், அசதி, பசியின்மை என்றுதான் வரும். கண் மஞ்சளாவதற்கு முன்பே அது மற்றவர்களுக்குப் பரவத் தொடங்கியிருக்கும். இரண்டுமே மலத்தின் வழியே கைக்கும், கையிலிருந்து உணவுக்கும் போகிறவை. அவர் கேட்டதையே காரணமாக நோட்டீஸில் சேர்த்துவிட்டேன்.

அடுத்து 48 மணி நேரம். வாந்தியும் போக்கும் முழுவதும் நின்ற பிறகு இன்னும் 48 மணி நேரம் சமையலறைக்குள் வரக் கூடாது என்பது விதி. எங்கள் உதவியாளர் ஒருவர் புதன்கிழமை விடியற்காலை போன் செய்தார். இரவு இரண்டு மணியிலிருந்து வாந்தி, போக்கு. முந்தின மாலை காலைக்கான பழங்களை வெட்டி வைத்தது அவர்தான். அத்தனை பழத்தையும் கொட்டச் சொன்னேன். வேகவைக்காமல் பரிமாறுகிற உணவில் ஒட்டியது அப்படியே தட்டுக்குப் போய்விடும். அவர் தொட்ட இடங்களையும் கழிப்பறையையும் குளோரின் கரைசலால் துடைத்தோம். இப்படித் திடீரென்று வரும் வாந்திக்கு நோரோவைரஸ் முக்கியமான காரணம். ஆல்கஹால் சானிடைசர் அதை நம்பகமாக அழிப்பதில்லை, சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவத்தான் வேண்டும். நூற்றுக்கும் குறைவான துகள்களே ஒருவரைப் படுக்க வைத்துவிடும்.

கடைசியாகப் போக்கு ஆனது புதன் மாலை நான்கு மணிக்கு. வியாழக்கிழமை காலை, "நல்லா இருக்கேன், வரட்டுமா?" என்று கேட்டார். வெள்ளி மாலை நான்குக்குப் பிறகுதான் என்றேன். உடம்பு தேறிய முதல் இரண்டு நாளில் வைரஸ் இன்னும் நிறைய வெளியேறிக்கொண்டிருக்கும். அதன்பின் குறைந்தாலும் இரண்டு வாரம், சிலருக்கு அதற்கு மேலும், மலத்தில் இருக்கும். ஆகவே திரும்பி வந்த பிறகும் கொஞ்ச நாள் அவரை வெட்டும் மேசைக்கு அனுப்பாமல் சரக்கறையில் நிறுத்தினோம். கூட நின்றவர்களுக்கு 12 முதல் 48 மணி நேரத்துக்குள் அறிகுறி தெரியலாம் என்பதால் அவர்களையும் கேட்டுக்கொண்டே இருந்தேன். அதில் ஒருவர் அடுத்த நாள் தானாகவே போன் செய்தார்.

இதெல்லாம் நடக்க வேண்டுமென்றால், சொல்கிறவருக்கு எந்த நஷ்டமும் இருக்கக் கூடாது. "சம்பளம் பிடிக்கப்படாது" என்று மட்டும் எழுதினால் போதும் என்றது நிர்வாகம். எனக்கு அது போதவில்லை. ஒரு மாதம் முழுக்க வந்தால் கிடைக்கும் ஊக்கத்தொகை இருக்கிறதே, ஒரு நாள் வராவிட்டால் அது போய்விடும். சம்பளப் பிடித்தம் இல்லை என்ற வாக்குறுதிக்கு அப்புறம் என்ன மதிப்பு? இந்த நாட்களை வருகைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று பேசி வாங்கினோம். பொய் சொல்லி லீவு போடுவார்கள் என்ற பயமும் வந்தது. போடலாம்தான். அதில் போவது ஒரு ஆளின் ஓரிரு நாள் சம்பளம். மறைத்துவிட்டு வேலை செய்தால் சாப்பிட வருகிறவர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள்.

சொன்னவரின் நோய் விவரத்தைச் சூப்பர்வைசரைத் தவிர யாருக்கும் சொல்ல மாட்டோம் என்றும் எழுதினோம். நோட்டீஸை ஒட்டிய பிறகும் ஒரு தயக்கம் மிச்சமிருந்தது. வர முடியாதவரே தனக்குப் பதில் ஆள் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்பது இங்கே எழுதப்படாத வழக்கம். காய்ச்சலில் கிடப்பவர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கெஞ்சுவதைவிட வேலைக்கே வந்துவிடலாம் என்றுதான் நினைப்பார். ஆகவே இன்னொரு வரி சேர்த்தோம்: மாற்று ஆள் தேடுவது சூப்பர்வைசரின் வேலை.