நாலடிக்கு ஒரு ஜாக்கி போதுமா?

தஞ்சாவூர் பக்கம் ஒரு வீட்டு வேலை. மறுநாள் ரூஃப் கான்கிரீட். சென்ட்ரிங் மேஸ்திரி எப்போதும் போல பலகையைத் தாங்க நாலடிக்கு ஒரு ஜாக்கி நிறுத்தியிருந்தார். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு இரும்புக் குழாய்களால் ஆன முட்டுதான் ஜாக்கி. வீட்டுக்குள் ஜாக்கி உயரம் 2.9 மீட்டர், போர்டிகோவில் 4 மீட்டர். இடைவெளி மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றே. அதுதான் உறுத்தியது.

சாயங்காலம் சிமென்ட் மூட்டை மேல் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஸ்லாப் 150 மி.மீ. கம்பியோடு சேர்த்து ஈரக் கான்கிரீட்டுக்குக் கன மீட்டருக்கு 26 கிலோநியூட்டன், சதுர மீட்டருக்குப் பலகைக்கு 0.5, ஆட்களுக்கும் கருவிகளுக்கும் 2.5 என்று எடுத்தேன். இந்த 2.5-ஐக் குறைக்க மனம் வராது. பம்ப் பைப்புக்குக் கீழே 10 செ.மீ. கூடுதலாகக் குவிந்தாலே அவ்வளவும் தீர்ந்துவிடும்.

```
w = 0.15 × 26 + 0.5 + 2.5 = 6.9 kN/m²
P = 6.9 × 1.2 × 1.2 = 9.9 kN
```

அதாவது ஒரு ஜாக்கிக்கு ஏறக்குறைய ஒரு டன். இனி ஜாக்கி எவ்வளவு தாங்கும்? வாடகை ஜாக்கிக்கு அட்டவணை கிடைக்கவில்லை. அதனால் மெல்லிய உள்குழாயே முழு உயரத்துக்கும் இருப்பதாக வைத்துக்கொண்டேன். வெளி விட்டம் 48.3, தடிமன் 2.9 மி.மீ. வளைவுக்கும் சாய்வுக்கும் சேர்த்துப் பாதுகாப்புக் காரணி 2.

```
P = π²EI / (2L²),  EI = 21.4 kN·m²
L = 2.9 m → 12.6 kN
L = 4.0 m → 6.6 kN
```

வீட்டுக்குள் சரி. போர்டிகோவில் 6.6 தாங்கும் ஜாக்கி மேல் 9.9. உயரத்தின் வர்க்கத்தில் தாங்குதிறன் குறைகிறது. மேஸ்திரியின் நாலடிக் கணக்கில் உயரமே கிடையாது.

"இருபது வருசமா இப்படித்தான் சார் போடுறோம். வேணும்னா நடுவுல ஒரு கம்பு கட்டிடுறேன்" என்றார். கம்பு கட்டினால் திறன் கூடும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு திசையில் மட்டும் கட்டினால் ஜாக்கி மறுதிசையில் வளையும். இரு திசையிலும் கட்டி, நுனியைத் தூணோடு இறுக்காவிட்டால் எல்லாம் சேர்ந்து சாயும். போர்டிகோவில் தூண் இரண்டே இரண்டு. அதனால் இடைவெளியை மூன்றடியாக்கச் சொன்னேன். அப்போது சுமை 5.6. இருபது ஜாக்கி நின்ற இடத்துக்கு இன்னும் பதினைந்து தேவைப்பட்டது. அவர் முகம் சுருங்கியது, ஆனாலும் ராத்திரியே வண்டி வந்தது.

புது ஜாக்கிகளை இறக்கும்போது இரண்டில், உள்குழாயை வெளிக்குழாயோடு பிடித்து நிறுத்தும் இரும்புப் பின்னுக்குப் பதில் 8 மி.மீ. கம்பித் துண்டு செருகியிருந்தது. சுமை முழுவதும் அந்தப் பின் வழியாகத்தான் இறங்குகிறது. இரண்டையும் ஓரம் வைத்தோம்.

காலையில் பாதி கான்கிரீட் ஏறியதும் கீழே போய் ஒவ்வொன்றையும் கையால் ஆட்டிப் பார்த்தேன். மூலையில் ஒன்று ஆடியது. அதன் பங்கைப் பக்கத்து ஜாக்கி சுமந்துகொண்டிருந்தது. காலரை இரண்டு சுற்று ஏற்றி இறுக்கினோம்.