ஏப்ரலிலேயே வாடகை ரசீது கொடுத்தேன்

எனக்கு வேலை ஓசூரில். தர்மபுரியில் கடன் வாங்கிக் கட்டிய வீட்டில் அப்பா அம்மா இருக்கிறார்கள். நான் ஓசூரில் மாதம் 14,000 ரூபாய் வாடகைக்கு இருக்கிறேன்.

2024 ஏப்ரலில் கணக்குப் பிரிவிலிருந்து மெயில் வந்தது. எதுவும் சொல்லாவிட்டால் புதிய வரி முறைப்படிதான் பிடிப்பார்கள், அதில் வாடகைக்கோ சேமிப்புக்கான 80சி பிரிவுக்கோ கழிவு கிடையாது. சம்பளம் வருடத்துக்கு 12 லட்சம் என்பதால் புதிய முறையில் வரி 85,800 வந்தது. பழைய முறையில் எவ்வளவு என்று உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன்.

வாடகை முழுவதையும் கழிக்க முடியாது. மாதத்துக்கு என் அடிப்படைச் சம்பளம் 45,000, வீட்டு வாடகைப் படி 18,000. வருட வாடகை 1,68,000-இல் வருட அடிப்படைச் சம்பளத்தின் பத்து சதவீதமான 54,000 போக மீதி 1,14,000. வாங்கும் படி, அடிப்படையில் 40 சதவீதம் இரண்டுமே வருடத்துக்கு 2,16,000. இந்த மூன்றில் எது குறைவோ அதுதான் கழிவு, ஆக 1,14,000. அதோடு நிலையான கழிவு 50,000, பிஎஃப்பும் கடன் அசலும் சேர்ந்து 80சி-யில் 1,50,000, கடன் வட்டி 2,00,000. மிச்சம் 6,86,000-க்கு வரி 51,688. மாதத்துக்குப் பார்த்தால் சுமார் 2,840 ரூபாய் குறைவு.

பழைய முறை வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, கழிவுகளைக் கம்பெனிக்குச் சொல்லும் படிவம் 12பிபி-யோடு வாடகை ஒப்பந்தம், ஏப்ரல் ரசீது, அந்த வருடத்துக்கு வங்கி தரும் ப்ரொவிஷனல் வட்டிச் சான்றிதழ் எல்லாம் வைத்தேன். வருடம் ஆரம்பிக்கும்போதே இந்தச் சான்றிதழைக் கேட்டு வாங்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

இழுத்தது பான் எண்தான். வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரர் பான் கட்டாயம். வீட்டுக்கார அம்மா, "பான் கொடுத்தா எனக்கு நோட்டீஸ் வருமாப்பா?" என்று தயங்கினார். அவருக்கு வேறு வருமானம் இல்லை. "வாடகையில 30 சதவீதம் கழிச்சிட்டுத்தாங்க உங்க வருமானம்னு எடுப்பாங்க. 1,17,600 தான் வரும், அதுக்கு வரியே கிடையாதும்மா" என்று காகிதத்தில் போட்டுக் காட்டியதும் உள்ளே போய் பான் கார்டை எடுத்து வந்தார். வாடகையை வங்கி வழியாகவே அனுப்புவேன். ரொக்கமாகக் கொடுத்து 5,000-க்கு மேல் ரசீது வாங்கினால் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும்.

ஏப்ரலில் கொடுத்ததோடு முடியவில்லை. ஜனவரியில் மீதி மாத ரசீதுகளும் வேண்டும். அப்போது காட்டாதவர்களுக்கு விட்டுப்போன வரியை எல்லாம் கடைசி மாதங்களில் சேர்த்துப் பிடித்தார்கள். பக்கத்து சீட் அண்ணன் ஒருவருக்கு மார்ச் சம்பளம் பாதிதான் வந்தது. கூடுதலாகப் போனதை ஜூலைக்குள் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம், ஆனால் அதுவரை பணம் கையில் இருக்காது.

2025-26-இல் புதிய முறையில் 12.75 லட்சம் வரை சம்பளத்துக்கு வரியே இல்லை என்று ஆனது. என் சம்பளம் அதற்குள் என்பதால் அந்த ஏப்ரலில் புதிய முறைக்கே மாறிவிட்டேன், ரசீது எதுவும் கொடுக்கவில்லை.