அந்தரத்தில் நின்ற பார்சல்

வீட்டு வாசலுக்குப் பொருள் கொண்டு சேர்க்கும் ஒரு ஸ்டார்ட்அப்பின் இணையதள முகப்புக்காகப் படம் வரைந்தேன். ஆர்டர் பதிவாவது, கிடங்கில் பிரிப்பது, வேனில் ஏற்றுவது, வாசலில் ஒப்படைப்பது ஆகிய நான்கையும் ஐசோமெட்ரிக் முறையில் ஒரே காட்சியாகக் கேட்டார்கள்.

இம்முறையில் செங்குத்துக் கோடுகள் அப்படியே நிற்கும். தரையின் நீளமும் அகலமும் கிடைக்கோட்டிலிருந்து இருபுறமும் 30 பாகை சாயும். தொலைவில் இருந்தாலும் எதுவும் சிறுத்துப் போகாது. அதனால் செம்மஞ்சள் நிறப் பெட்டி ஒன்றை நான்கு இடங்களிலும் ஒரே அளவில் வரைந்தேன். கண் அதைப் பிடித்துக்கொண்டே போகும் என்று நம்பினேன்.

முதல் வரைவைப் பார்த்த நிறுவனர், "பெட்டியை ஏன் பின்னால் இருக்கும் அலமாரியில் வைத்தீர்கள்?" என்று கேட்டார். நான் வரைந்திருந்தது, கன்வேயர் பெல்ட்டிலிருந்து இயந்திரக் கை தூக்கும் பெட்டியை! பிறகுதான் காரணம் பிடிபட்டது. ஒரு பொருளை ஓர் அலகு உயர்த்தினாலும், தரையின் இரு திசைகளிலும் ஓர் அலகு பின்னே தள்ளினாலும், தாளில் அது ஒரே புள்ளியில்தான் விழும். தொலைவில் அளவு குறையாததால் எது உயரம், எது தூரம் என்று கண்ணால் பிரிக்க முடிவதில்லை. போதாக்குறைக்குப் பெட்டியின் அடிக்கோடு அலமாரித் தட்டின் விளிம்போடு கச்சிதமாகப் பொருந்தியிருந்தது.

இரண்டு மாற்றங்கள் செய்தேன். பெட்டியை அரை அலகு இறக்கினேன். விளிம்புகள் விலகி, பெட்டி தட்டை ஓரளவு மறைத்தது. அடுத்து, பெட்டிக்கு நேர் கீழே பெல்ட்டின் மேல் அதே வடிவில் ஒரு மெல்லிய நிழல் இட்டேன். பெட்டி அந்தரத்தில் நிற்பதை உண்மையில் சொன்னது அந்த நிழல்தான்.

வேனின் சக்கரங்களும் கொஞ்சம் படுத்தின. பக்கவாட்டில் தெரியும் வட்டம் நீள்வட்டமாகும். அதன் குறுகிய அச்சு நீண்ட அச்சில் சுமார் 58 விழுக்காடு. அந்தக் குறுகிய அச்சு, சக்கரத்தை இணைக்கும் தண்டின் திசையிலேயே, அதாவது 30 பாகைச் சாய்வில், இருக்க வேண்டும். நான் அதைக் கிடையாக வைத்ததால் சக்கரம் வண்டியிலிருந்து கழன்றதுபோல் தெரிந்தது.

கடைசிச் சோதனை கைபேசி. 1200 பிக்சல் அகலக் காட்சியை 360க்குச் சுருக்கியதும், 40 பிக்சல் பெட்டி 12 ஆகிவிட்டது. ஆகவே ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனி எஸ்விஜி படமாக வெட்டி, சிறிய திரையில் ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கச் சொன்னேன். விளக்க வரிகளைப் படத்துக்குள் எழுதவில்லை. பக்கத்தின் எழுத்தாகவே விட்டதால் அவை சுருங்கவில்லை. வெட்டிய இடத்தில் சாலை மட்டும் அறுந்து நின்றது. அதை ஒவ்வொரு துண்டிலும் கீழ் விளிம்புவரை நீட்டி, அடுத்த துண்டின் மேல் விளிம்பில் அதே இடத்தில் தொடங்கும்படி வரைந்து கொடுத்தேன்.