காலிஃபிளவரில் பி.டி., இரண்டாம் சுற்று: ஒரு வகைப் புழு செத்தது, இன்னொரு வகை அசரவில்லை

போன மாதம் பி.டி. என்ற பாக்டீரியா மருந்தை அடித்து ஒரு புழுவும் சாகவில்லை என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன். தப்பு என்னுடையதுதான். பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் குர்ஸ்டாகி பொடி, லிட்டருக்கு 2 கிராம். அளவு சரி. ஆனால் காலிஃபிளவர் இலையில் மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடுகிறது. அதற்காகத் துணி சோப்பைச் சீவிக் கரைத்துச் சேர்த்தேன். முதல் நாள் இரவே கலந்து வைத்து, மறுநாள் காலை பதினொரு மணி வெயிலில் அடித்தேன். இதைவிடக் கெட்ட நேரம் தேடினாலும் கிடைக்காது.

பி.டி. தொட்டால் கொல்லும் மருந்து இல்லை, புழு அதைத் தின்ன வேண்டும். பொடியில் பாக்டீரியாவின் வித்துகளோடு படிகப் புரதமும் இருக்கிறது. அந்தப் படிகம் அப்படியே இருக்கும்வரை விஷமே இல்லை. புழுவின் நடுக்குடல் நல்ல காரத்தன்மை உடையது, பி.எச். ஒன்பதுக்கு மேல் போகும். அங்கேதான் படிகம் கரைகிறது. குடலின் செரிமான நொதிகள் அதை வெட்டிச் சின்னதாக்குகின்றன. வெட்டுப்பட்ட துண்டு குடல் சுவரில் உள்ள ஏற்பிகளைப் பிடித்துக்கொண்டு, பல துண்டுகள் சேர்ந்து செல் சவ்வில் ஓட்டை போடுகின்றன. செல்லுக்குள் தண்ணீர் புகுந்து அது வீங்கி வெடிக்கிறது. குடல் செயலிழந்து புழு தின்பதை நிறுத்திவிடும், ஆனால் சாவதற்கு இரண்டு மூன்று நாளாகும்.

இப்போது என் சோப்பு வேலையைப் பாருங்கள். புழுவின் வயிற்றில் கரைய வேண்டிய படிகத்தை, காரமான சோப்புத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டிருக்கிறேன். அது போதாதென்று உச்சி வெயில் வேறு. புற ஊதாக் கதிருக்கு பி.டி. தாங்காது.

இந்த முறை பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீரைக் கொஞ்சம் சேர்த்து, கலந்த அரை மணிக்குள், மாலை ஆறு மணிக்கு அடித்தேன். எங்கள் போர் தண்ணீர் காரம், அதனால் பிடித்து வைத்த மழைத்தண்ணீர். இலையின் அடிப்பக்கம்தான் முக்கியம், புழு அங்கேதான் இருக்கிறது. கைத்தெளிப்பானின் மூக்கை மேல்நோக்கித் திருப்பி அடித்ததில் முழங்கை வரை நனைந்தேன்.

உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று தெரிய, தெளித்த இலையை ஒரு டப்பாவிலும் தெளிக்காத இலையை இன்னொன்றிலும் போட்டு, இரண்டிலும் ஐந்தைந்து வைரமுதுகு அந்துப்பூச்சிப் புழுக்களை விட்டேன். தொட்டால் துள்ளிப் பின்வாங்கி நூலில் தொங்குமே, அதே பச்சைப் பொடிப் புழு. அடியில் வெள்ளைத் தாள் விரித்தேன். செத்ததா என்று பார்ப்பதைவிட எச்சத்தை எண்ணுவது நல்ல வழி. மறுநாள் காலை தெளிக்காத டப்பாவின் தாளில் கரும்பச்சை மணிகள் எண்ண முடியாத அளவு. தெளித்ததில் ஏழு. புழு உயிரோடுதான் இருந்தது, தலையை மட்டும் ஆட்டியது. மூன்றாம் நாள் ஐந்தில் நான்கு கறுத்துக் கூழாகிக் கிடந்தன.

அந்தச் சந்தோஷத்தில் மூன்றாவது டப்பா வைத்தது தப்பு. அதில் புரோடீனியா என்ற புகையிலை வெட்டுப்புழு, விரல் நீளம், மூன்று. ஒரு நாள் சாப்பாட்டைக் குறைத்தன, அப்புறம் ஒன்றும் நடக்காததுபோல இலையை நரம்பு வரை தின்றன. கெட்டுப்போன குடல் செல்களைப் புழுவால் புதிதாக வளர்த்துக்கொள்ள முடியும், விஷம் போதாவிட்டால் தப்பித்துவிடும். இந்த இனத்துக்கு குர்ஸ்டாகியில் உள்ள முக்கியப் புரதங்கள் அவ்வளவு ஏறுவதில்லை. அதிலும் பெரிய புழு. குஞ்சாக இருக்கும்போதே அடித்திருக்க வேண்டும்.

ஐசாவாய் வகை பி.டி.யில் வேறு படிகங்கள் உண்டு, புரோடீனியாவுக்கு அது கொஞ்சம் தேவலை. இரண்டு கடையில் கேட்டேன், கிடைக்கவில்லை. ஒருவர் கொசுவுக்கு விடும் இஸ்ரேலென்சிஸ் புட்டியை எடுத்து நீட்டி "இதுவும் பி.டி.தான் சார்" என்றார். அது கொசுப்புழுவுக்கு, இலைப்புழுவுக்கு இல்லை. அதனால் அடுத்து புரோடீனியாவுக்கான என்.பி.வி. வைரஸ் கரைசலைத் தேடப்போகிறேன்.

ஒரு விஷயம். பக்கத்துத் தொட்டியின் எலுமிச்சைச் செடியில் பட்டாம்பூச்சிப் புழுக்கள் இருந்தன. இந்த மருந்துக்கு நல்ல புழு கெட்ட புழு தெரியாது. 1901-இல் ஜப்பானில் இந்த பாக்டீரியாவை முதலில் கண்டதே செத்துக்கொண்டிருந்த பட்டுப்புழுவில்தான். தெளிப்பதற்கு முன் அந்தத் தொட்டியை மாடியின் மறுகோடிக்கு இழுத்துப்போட்டேன், இடுப்பு பிடித்துக்கொண்டது.

நாளைக்கு ஏழாம் நாள், இரண்டாவது தெளிப்பு. இடையில் மழை பெய்ததால் பழைய பூச்சு நிற்கவில்லை. புரோடீனியா மூன்றையும் கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிட்டேன். அந்தச் சோப்புக்கு அது ஒன்றுதான் உருப்படியான வேலை.